சரியான தொகை ₹11,593: ஒரு மளிகை பில் புகார்

பில் ஒரு சாண் நீளம்தான் இருந்தது. ஆறே வரிகள், அதற்குக் கீழே வரிக் கணக்கு, கடைசியில் தடித்த எழுத்தில் ₹11,865. மாடி வீட்டு அக்கா அதைச் சமையல் மேடை ஜாடிக்கு அடியில் வைத்திருந்ததால் ஒரு மூலை சூட்டில் கறுத்துப் போயிருந்தது. கூடவே ஒரு கடிதம். அதை அவரே எழுதி, இரண்டு நாள் முன்பு கடையில் கொடுத்து, "இதெல்லாம் கவர்மென்ட்டுக்குப் போற காசும்மா" என்ற பதிலோடு திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

அக்கா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர். தீபாவளிக்கு முன் பத்து நாள் அவருக்கு உட்கார நேரம் இருக்காது. 2025 தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. மைசூர்பாகும் லட்டும் ஆர்டர் எடுத்திருந்தவர், 11ஆம் தேதி சனிக்கிழமை திருச்சியில் ஒரு பெரிய மளிகைக் கடையில் மொத்தமாகச் சாமான் வாங்கினார். வீட்டுக்கு வந்து கிலோவுக்கு என்ன விலை போடலாம் என்று கணக்குப் பார்க்கும்போதுதான் நெய் இடித்தது. "வரி குறைஞ்சிடுச்சுன்னு டி.வி.ல நாள் முழுக்கச் சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் தம்பி பழைய விலை?"

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பில் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் என்னிடம் வந்தார். அவர் கேள்வி நியாயமானது. கடிதம்தான் அதைத் தோற்கடித்திருந்தது.

முதல் கடிதம் ஏன் திரும்பி வந்தது

அக்கா எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: எம்.ஆர்.பி.யிலேயே வரி சேர்ந்திருக்கும்போது அதற்கு மேல் ₹565 ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறீர்கள், நெய்க்கு நானூறு ரூபாய் போல அதிகம் எடுத்திருக்கிறீர்கள், முந்திரியிலும் கூட, மொத்தம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏமாற்றிவிட்டீர்கள், உடனே திருப்பித் தராவிட்டால் நடவடிக்கை எடுப்பேன்.

இதில் இரண்டு விஷயம் உண்மை, ஒன்று தவறு. அந்தத் தவறானதுதான் முதலில் நின்றது. கடை மேனேஜர் முதல் வரியைப் படித்தார், அது தவறு என்று அவருக்கு உடனே தெரிந்தது, மிச்சத்தைப் படிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பில்லின் அடியில் சி.ஜி.எஸ்.டி. ₹282.50, எஸ்.ஜி.எஸ்.டி. ₹282.50 என்று இருந்ததைத்தான் அக்கா மேலே ஏற்றிய காசு என்று நினைத்துவிட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சரிபார்ப்பது சுலபம். பில்லின் வலது ஓரத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இருக்கும் தொகையை மட்டும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை நீங்கள் கட்டிய தொகைக்குச் சமமாக இருந்தால் வரி விலைக்கு உள்ளேயே இருக்கிறது. கீழே இருப்பது அதன் பிரிப்பு மட்டுமே. கூட்டுத்தொகையைவிட அதிகம் கட்டியிருந்தால் மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

அக்காவின் பில்லைக் கூட்டினோம். நெய் 6,720, முந்திரி 2,400, சர்க்கரை 480, கடலை மாவு 1,100, கடலை எண்ணெய் 1,005, வெல்லம் 160. ஆக 11,865. அவர் யு.பி.ஐ.யில் கட்டியதும் அதே 11,865. ஆறு பொருளுமே 5 சதவீதத்தில் வருபவை என்பதால், உள்ளே இருக்கும் வரி 11,865 × 5 ÷ 105, அதாவது 565. பில்லில் இருந்ததும் அதுவே. மேலே ஏற்றியிருந்தால் 12,458 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பார்.

"அப்ப நான் சொன்னது தப்பா?" என்று அக்கா முகம் வாடியது. அந்த ஒன்று தப்பு, மற்றதைப் பார்ப்போம் என்றேன்.

நெய்

2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அக்கா வாங்கும் நெய் ஒரு லிட்டர் டப்பா பழைய விலை ₹672. அதற்குள் வரி போக ₹600, வரி ₹72. அதே 600க்கு 5 சதவீதம் போட்டால் ₹630. குறைய வேண்டியது டப்பாவுக்கு 42 ரூபாய்.

கணக்கு இப்படிச் சொல்கிறது என்பதற்காக அதை அப்படியே கடிதத்தில் எழுதிவிட முடியாது. கடையோடு பேசும்போது நிற்பது டப்பாவில் அச்சடித்த விலைதான். டப்பாக்களைக் கொண்டுவரச் சொன்னேன். எட்டு டப்பா அலமாரியில் இருந்தது. இரண்டு காலியாகி, வெந்நீரில் கழுவுவதற்காகக் கொல்லைப்புறத் தொட்டியில் கிடந்தது. லேபிள் ஊறுவதற்கு முன் எடுத்துவிட்டோம். வரிசையாக வைத்து அடியில் பார்த்தால் ஆறு டப்பாவில் எம்.ஆர்.பி. ₹630, நான்கில் ₹672. பத்துக்கும் பில்லில் ஒரே விலை, 672.

இங்கேதான் என்ன நடந்தது என்பது தெரிந்தது. இரண்டு வகை டப்பாவிலும் பார்கோடு ஒன்றுதான். ஒரே பார்கோடுக்கு இரண்டு எம்.ஆர்.பி. சரக்கு இருந்தால், நல்ல பில்லிங் மென்பொருளில் ஸ்கேன் செய்தவுடன் ஒரு சின்னப் பெட்டி திறந்து இரண்டு விலையையும் காட்டும். பில் போடுபவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் யார் திருப்பிப் பார்ப்பார்கள்? முதலில் நிற்பதை அழுத்தி, எண்ணிக்கை பத்து என்று போட்டுவிட்டார்கள். புதிய விலையைக் கணினியில் ஏற்றாமலே விட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். எது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. கடிதத்துக்கு அது தேவையும் இல்லை.

பில்லிலேயே இன்னொரு சாட்சி இருந்தது. நெய் வரிக்கு எதிரே வரி விகிதம் 5% என்று புதியது போட்டிருந்தது, விலை மட்டும் பழையது. 672ஐ 5 சதவீதத்துக்குப் பிரித்தால் வரி போக ₹640 வருகிறது. நேற்று வரை 600க்கு விற்ற கடை, வரி குறைந்த பிறகு அதையே 640க்கு விற்றிருக்கிறது. இது "கவர்மென்ட்டுக்குப் போற காசு" இல்லை. டப்பாவுக்கு 40 ரூபாய் கடைக் கல்லாவில்தான் நின்றது, அரசுக்குக் கூடுதலாகப் போனது 2 ரூபாய். மேனேஜர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்தப் பிரிப்பைப் பார்க்கத் தோன்றியிருக்காது.

ஆறு டப்பா விஷயம் தெளிவு. பொட்டலத்தில் அச்சடித்த விலையைவிட அதிகம் வாங்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் சொல்கின்றன. அந்த விலை எல்லா வரியும் சேர்ந்தது. 6 × 42 = ₹252. விவாதத்துக்கு இடமில்லை.

நான்கு டப்பா வேறு கதை. அவற்றில் 672 என்றே அச்சடித்திருக்கிறது, 672தான் வாங்கியிருக்கிறார்கள். வரி குறைப்பின் பலன் பழைய சரக்கிலும் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்றுதான் அரசு சொன்னது. ஆனால் லேபிளைக் காட்டி முடிக்கிற மாதிரியான வழக்கு இல்லை இது. கடைக்காரர் "நான் பழைய விலையில் வாங்கிய சரக்கு" என்பார். அதற்கும் பதில் உண்டு: அவர் கொள்முதலில் கட்டிய 12 சதவீதம் அவருக்கு உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கும், அதாவது அவர் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், நஷ்டம் இல்லை. ஆனால் அது பேச்சுவார்த்தை. அந்த 4 × 42 = ₹168ஐ என்ன செய்வது என்பதை அப்போதைக்குத் தள்ளி வைத்தேன்.

முந்திரியும் வெல்லமும்

முந்திரி உதிரியாக எடை போட்டு வாங்கியது. பைமேல் எடைப் பிரிவில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது: 2.500 கிலோ, கிலோ ₹920, தொகை ₹2,300. பில்லில் அதே 2.500 கிலோ, ஆனால் கிலோ ₹960, தொகை ₹2,400. நூறு ரூபாய் வித்தியாசம்.

இதுவும் எடைக் கருவிக்கும் பில்லிங் கணினிக்கும் இடையில் அடிக்கடி நடப்பது. பல கடைகளில் எடைச் சீட்டின் பார்கோடில் பொருளின் எண்ணும் எடையும்தான் இருக்கும்; விலையைக் கணினி தன் பட்டியலிலிருந்து எடுத்துப் பெருக்கிக்கொள்ளும். கணினியில் விலையை ஏற்றிவிட்டு எடைக் கருவியில் ஏற்ற மறந்தால், சீட்டில் ஒன்று, பில்லில் ஒன்று என்று வரும். கடைக்காரர் "கம்ப்யூட்டர் ரேட்தான் சரி" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வாங்குபவர் பார்த்துச் சம்மதித்தது பையில் ஒட்டிய விலைக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளிலோ அதன் பொட்டலத்திலோ காட்டிய விலையைவிட அதிகம் வாங்குவதைப் புகாருக்கு உரிய காரணமாகவே சொல்கிறது. பையைக் கிழிக்காமல் சீட்டோடு படம் எடுத்துக்கொண்டோம். அக்கா முந்திரியை டப்பாவில் கொட்டிவிட்டுப் பையை எறிந்திருந்தால் இந்த நூறு ரூபாயைக் காட்ட வழியே இருந்திருக்காது.

மற்ற பொருட்களையும் எண்ணச் சொன்னேன். சர்க்கரை 5 கிலோ பை இரண்டு, சரி. மாவு பத்து, சரி. எண்ணெய் ஐந்து, சரி. வெல்லம் ஒரு கிலோ பொட்டலம் பில்லில் இரண்டு, வீட்டில் மூன்று.

அக்கா கொஞ்ச நேரம் மூன்றாவது பொட்டலத்தையே பார்த்தார். "இதை நாமளே எதுக்குத் தம்பி சொல்லணும்?"

நான் நேர்மை பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குக் கோபம்தான் வந்திருக்கும். வேலை விஷயமாகச் சொன்னேன். இந்தக் கடிதம் போனவுடன் யாரோ ஒருவர் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்ப்பார். கேமராப் பதிவையும் பார்ப்பார்கள். வெல்லம் மூன்று போனது அவர்கள் கண்ணில் பட்டால், அப்புறம் நெய்யைப் பற்றியும் முந்திரியைப் பற்றியும் நாம் சொன்ன ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இன்னொன்று, நாம் எழுதப்போவது "சரியான தொகை". எண்பது ரூபாயை விட்டுவிட்டால் அது சரியான தொகை இல்லை, நமக்குத் தோதான தொகை. அக்கா மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார்.

ஆகக் கணக்கு: நெய்யில் 252, முந்திரியில் 100, இரண்டும் அதிகம். வெல்லத்தில் 80 குறைவு. நிகரமாகத் திரும்ப வர வேண்டியது ₹272. சரியான பில் தொகை 11,865 − 272 = ₹11,593. இதை இன்னொரு வழியிலும் சரிபார்த்தேன், ஒவ்வொரு பொருளையும் சரியான விலையில் முதலிலிருந்து கூட்டி: நெய் 6,468, முந்திரி 2,300, சர்க்கரை 480, மாவு 1,100, எண்ணெய் 1,005, வெல்லம் 240. அதே 11,593. கழித்து வந்த விடையும் கூட்டி வந்த விடையும் ஒன்றாக வரும் வரை கடிதத்தைத் தொடக் கூடாது. கூட்டலில் நாமே ஒரு ரூபாய் தவறினால் கடை அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஆயிரத்துக்கு மேல் என்று ஆரம்பித்தது 272ல் வந்து நின்றது. அக்காவுக்கு ஏமாற்றம். ஆனால் முன்பு கேட்ட ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லையே.

கடிதம்

அந்த நான்கு நெய் டப்பாவின் ₹168ஐ மொத்தத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். சேர்த்தால் சரியான தொகை 11,425 ஆகும், திரும்ப வருவது 440. சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எதிராளி ஒரு எண்ணை மறுக்க முடிந்தால் மொத்த எண்ணையும் மறுத்துவிடுவார்; மறுக்க முடியாததை மட்டும் கூட்டி ஒரு எண்ணாக வைத்து, மற்றதைத் தனிப் பத்தியில் வேண்டுகோளாக வைப்பதே நல்லது. அக்டோபர் 16, வியாழக்கிழமை கொடுத்த கடிதம் இது. பெயர், முகவரிகளை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்: மேலாளர் அவர்கள், (கடையின் பெயர், கிளை முகவரி)

நாள்: 16-10-2025

பொருள்: 11-10-2025 தேதியிட்ட பில் எண் 4417இல் விலை வித்தியாசம், ₹272 திருப்பித் தருதல் தொடர்பாக.

ஐயா,

மேற்படி தேதியில் தங்கள் கடையில் மளிகைப் பொருட்கள் வாங்கி, பில் தொகை ₹11,865ஐ யு.பி.ஐ. மூலம் செலுத்தினேன். வீட்டில் பொருட்களைப் பில்லோடு ஒப்பிட்டபோது கீழ்க்கண்ட மூன்று வரிகளில் வித்தியாசம் இருந்தது.

| பொருள் | பில்லில் உள்ளது | சரியானது | வித்தியாசம் |
|---|---|---|---|
| நெய் 1 லி., 6 டப்பா (எம்.ஆர்.பி. ₹630) | 6 × 672 = 4,032 | 6 × 630 = 3,780 | 252 அதிகம் |
| முந்திரி 2.500 கிலோ (எடைச் சீட்டில் ₹920) | 2.500 × 960 = 2,400 | 2.500 × 920 = 2,300 | 100 அதிகம் |
| வெல்லம் 1 கிலோ (3 பெற்றேன், 2க்கு மட்டும் பில்) | 2 × 80 = 160 | 3 × 80 = 240 | 80 குறைவு |

இவற்றைச் சரிசெய்தால் பில்லின் சரியான தொகை ₹11,593. நான் கூடுதலாகச் செலுத்தியது ₹272. இந்தத் தொகையை நான் பணம் செலுத்திய அதே கணக்கில் திருப்பித் தந்து, திருத்திய பில் ஒன்றும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் உட்பட்டது என்பதையும், அதற்கு மேல் விற்பது 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் எடையளவு விதிகளுக்கு மாறானது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தவிர, அதே பில்லில் உள்ள மற்ற 4 நெய் டப்பாக்களில் பழைய எம்.ஆர்.பி. ₹672 அச்சிடப்பட்டுள்ளது. 22-09-2025 முதல் வரி 5% ஆகக் குறைந்துள்ளதால், இவற்றுக்கும் டப்பாவுக்கு ₹42 வீதம் ₹168 குறைத்துத் தருமாறு வேண்டுகிறேன். இது மேலே குறிப்பிட்ட ₹272இல் சேரவில்லை.

13-10-2025 அன்று நான் கொடுத்த கடிதத்தில் ஜி.எஸ்.டி. தனியாக ஏற்றப்பட்டதாக எழுதியிருந்தேன். அது என் தவறான புரிதல். அந்தக் கோரிக்கையை விட்டுவிடுகிறேன்.

23-10-2025க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இணைப்பு: பில் நகல், யு.பி.ஐ. ரசீது நகல், 6 நெய் டப்பாக்களின் எம்.ஆர்.பி. படங்கள், முந்திரி எடைச் சீட்டின் படம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

கடிதம் ஒரு பக்கம்தான். ஏமாற்றம், மோசடி, வழக்கு என்ற சொற்கள் எங்கும் இல்லை. "வித்தியாசம்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். மேனேஜர் முதலாளியிடம் இதைக் காட்டித்தான் காசு எடுக்க முடியும். மோசடி என்று எழுதிய தாளை எந்த மேனேஜர் முதலாளியிடம் கொண்டுபோவார்? பொருள் வரியிலேயே பில் எண்ணும் தொகையும் வந்துவிட்டதால், முழுதும் படிக்காதவருக்கும் என்ன கேட்கிறோம் என்பது தெரியும். முதல் கடிதத்தின் தவறை ஒப்புக்கொண்ட பத்தியை வைக்கலாமா என்று அக்கா தயங்கினார். வைக்காவிட்டால் மேனேஜர் பழைய கடிதத்தையே எடுத்து அதற்கே மறுபடி பதில் சொல்வார்.

திருத்திய பில் கேட்டது சம்பிரதாயத்துக்காக இல்லை. அது இல்லாமல் காசை மட்டும் நீட்டினால், கடைக் கணக்கில் பழைய 672 அப்படியே நிற்கும். நாளை வேறு ஏதாவது கேள்வி வந்தால் அக்காவிடம் இருக்கும் ஒரே தாள் தவறான பில்.

அசல் பில்லைக் கொடுக்கவில்லை. இந்தப் பில்கள் எல்லாம் வெப்பத்தில் எழுத்து விழும் தாள். அடுப்பருகில் வைத்தால் கறுக்கும், சும்மா பர்ஸில் வைத்தாலே சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுவது நல்லது. கடிதத்தின் இரண்டாவது பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியும் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். போட மறுத்தால் வம்பு வளர்க்காமல் வந்துவிடுங்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்பிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தேன். முத்திரை போட்டே கொடுத்துவிட்டார்கள்.

கடை என்ன செய்தது

மறுநாளே போன் வந்தது. பேசியவர் மேனேஜர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். "முந்திரி ரேட் அன்னிக்குக் காலைல மாத்தினது மேடம், எடை மெஷின்ல மாறல" என்று அவரே சொன்னார். நெய் பற்றி, டப்பாவை நேரில் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். காலி டப்பா இரண்டோடு சேர்த்து ஆறையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்கே அக்கா போனார்.

முதலில் ₹272ஐ அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள், அல்லது கடையின் பாயிண்ட் அட்டையில் ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல அக்கா தயாராகவே போயிருந்தார். பாயிண்டாக வாங்கிவிட்டால் திரும்ப அதே கடைக்குப் போனால்தான் காசு. கால் மணி நேரம் காக்க வைத்து, அதே யு.பி.ஐ. எண்ணுக்கு ₹272 அனுப்பி, பழைய பில்லை ரத்துசெய்து ₹11,593க்குப் புதிய பில் போட்டுக் கொடுத்தார்கள். வெல்லத்துக்கு எதிரே மூன்று என்று இருந்தது. அந்தக் கணக்கர் வெல்லத்தை எங்களால் கண்டுபிடித்தே இருக்க முடியாது என்று சொன்னாராம். இதை அக்கா என்னிடம் சொன்ன தொனியில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

₹168 வரவில்லை. விநியோகஸ்தர் தங்களுக்கு இன்னும் சரிக்கட்டித் தரவில்லை, வந்தால் பார்க்கலாம் என்றார்கள். தீபாவளி முடிந்து இன்னொரு தடவை கேட்டார், அதே பதில். அங்கிருந்து மேலே போக வழிகள் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். எம்.ஆர்.பி. மீறல் என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கு எழுதலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், இந்த அளவு தொகைக்குக் கட்டணம் கிடையாது. விற்பதற்காக வாங்கியவர் நுகர்வோரா என்ற கேள்வியை அங்கே கடை கிளப்பக்கூடும். தன் பிழைப்புக்காகச் சுயமாகத் தொழில் செய்பவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது என்பதால் அக்காவுக்கு அதில் பயமில்லை. ஆனால் அச்சடித்த விலைக்கே விற்ற நான்கு டப்பாவுக்காக அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை, அக்காவுக்கு நேரமில்லை. 1915க்குப் போன் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். "மிக்சர் ஆர்டர் இருக்கு தம்பி" என்றார்.

அவர் கணக்கு நோட்டில் நெய்க்கு எதிரே முதலில் எழுதியிருந்த 672ஐ அடித்துவிட்டு, பத்து டப்பாவுக்கும் சராசரி போட்டு 646.80 என்று எழுதி வைத்திருக்கிறார். மைசூர்பாகு விலை அதிலிருந்துதான் வந்தது.